தேநீர் இடைவேளையில் ஆங்கிலம்: தமிழ்ப்பள்ளியில் படித்து வேலைக்குப் போனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் என் வீட்டு கார் போர்ச்சில் ஞாயிறு மாலை நாலைந்து பேர் கூடுகிறோம். செம்பனை ஆலை, தொழிற்சாலை, வங்கி, கணக்காய்வு அலுவலகம் என்று வேலை செய்கிற இளையவர்கள். எல்லோரும் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, அப்புறம் மலாய் வழி இடைநிலைப்பள்ளி, அதற்கு மேல் கல்லூரியிலோ வேலையிலோ ஆங்கிலம் என்று வந்தவர்கள். நானும் அதே வழியில் வந்தவன்தான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மேடையில் பேசுவது, நேர்காணல் இதெல்லாம் வேறு. இது பயிற்சியிலோ கருத்தரங்கிலோ தேநீர் இடைவேளையில் முன்பின் தெரியாதவரிடம் பேசும் நாலைந்து நிமிடத்தைப் பற்றியது. வாய்விட்டுப் படித்துப் பழக வசதியாக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன், அறிக்கை எழுதுகிறேன். ஆனால் தேநீர்க் கோப்பையோடு ஒருவர் பக்கத்தில் நின்றால் ஒரு வார்த்தைகூட வருவதில்லையே, ஏன்?

மின்னஞ்சலுக்கு யாரும் கெடு வைப்பதில்லை. எழுதி, அழித்து, மறுபடி எழுதலாம். பேச்சில் ஒருவர் முடித்த அரை நொடிக்குள் அடுத்தவர் தொடங்கிவிட வேண்டும். அந்த அரை நொடியில் நம் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "நான் காலையில சுங்கை சிப்புட்லேர்ந்து கார்ல வந்தேன்" என்று தமிழில் நினைக்கிறோம். இதில் வினைச்சொல் கடைசியில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது 'நான்' என்றதுமே வேண்டும். அதனால் வாக்கியம் முழுவதும் மனசுக்குள் முடியும் வரை காத்திருந்து, பிறகு அதைப் புரட்டிப்போட்டு, பிறகு வாய் திறக்கிறோம். அதற்குள் எதிரில் நிற்பவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

இந்தத் தடங்கலை இலக்கணப் புத்தகம் தீர்க்காது. முதல் மூன்று வாக்கியங்களை அந்த இடத்தில் நின்று உருவாக்கும் வேலையே இருக்கக் கூடாது. அவை முன்பே வாயில் தயாராக இருக்க வேண்டும். அந்த மூன்றும் வெளியே வந்துவிட்டால் மிச்சம் அவ்வளவு கடினமில்லை. எதிராளி பேசத் தொடங்கியிருப்பார், அவர் சொன்ன சொற்களையே எடுத்துத் திருப்பிக் கேட்கலாம்.

சரி, முதல் வாக்கியமாக எதைச் சொல்வது?

இருவர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். அவரைப் பற்றிக் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், எந்தத் தோட்டம், கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்பதுதான் அன்பு. அதையே ஆங்கிலத்தில் முன்பின் தெரியாதவரிடம் முதல் நிமிடத்தில் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்லிக் கொடுப்பது நான்கு வாக்கியங்கள். நாளின் எந்த நேரம் என்பதைப் பொறுத்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் பெயர் பதியும் மேசைக்குப் பக்கத்தில்: "டிட் யூ டிரைவ் டவுன் திஸ் மார்னிங்?" காலையிலேயே காரில் கிளம்பி வந்தீர்களா என்று பொருள். நம் நாட்டில் சாலை, நெரிசல், கார் நிறுத்துமிடம் இந்த மூன்றைப் பற்றியும் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். வெறும் ஆம், இல்லை என்று யாரும் நிறுத்திக்கொள்வதில்லை.

மண்டபத்துக்குள்: "ஈஸ் திஸ் சீட் டேக்கன்?" இங்கே யாராவது உட்காருகிறார்களா என்பதுதான். கேட்டு உட்கார்ந்ததும் உங்கள் பெயரைச் சொல்ல அதுவே வாய்ப்பு.

பலகாரத் தட்டு அருகில்: "ஹேவ் யூ டிரைட் த கரிபாப்?" சிரிக்காதீர்கள், நான்கில் நன்றாக வேலை செய்வது இதுதான். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லோருக்கும் கரிபாப்பைப் பற்றி ஒரு கருத்து உண்டு.

ஓர் உரை முடிந்த பிறகு: "வாட் டிட் யூ திங்க் ஆஃப் தட் லாஸ்ட் டாக்?" அந்த உரை எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். இதைக் கேட்டால் உங்களையும் அதே கேள்வி திருப்பிக் கேட்பார்கள். அதனால் உரையிலிருந்து ஒரு விஷயத்தைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டுதான் எழ வேண்டும்.

நான்கையும் ஒரே நாளில் பழக வேண்டாம். உங்களுக்குக் கூச்சம் குறைவாக இருக்கிற ஒன்றில் தொடங்குங்கள்.

மனப்பாடம் செய்த மாதிரி தெரியாதா?

முதல் வாக்கியம் தெரியாது. அது எல்லோரும் சொல்வதுதான், ஆங்கிலத்திலேயே வளர்ந்தவரும் அதையேதான் சொல்கிறார். மனப்பாடம் வெளியே தெரிவது இரண்டாவது வாக்கியத்தில். அவர் பட்டர்வொர்த்திலிருந்து வந்தேன் என்கிறார், நீங்கள் அதைக் காதில் வாங்காமல் தயாரித்து வைத்த அடுத்த கேள்விக்குத் தாவுகிறீர்கள். அப்போதுதான் ஒப்பிப்பது போல் இருக்கும்.

அதற்கு நான் சொல்லும் பழக்கம் ஒன்றுதான். அவர் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிச் சொல்லுங்கள், அதையொட்டி உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் கொடுங்கள், பிறகு கேளுங்கள். கேள்வி மேல் கேள்வியாகப் போகக் கூடாது.

ஒரு பேச்சு முழுக்க எப்படிப் போகும் என்று காட்ட முடியுமா?

எங்களோடு பயிலும் ஒரு தங்கை செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார். ஈப்போவில் ஒரு தங்கும் விடுதியில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போவதற்கு முந்தைய ஞாயிறு போர்ச்சில் இதைத்தான் பழகினோம். அங்கே நடந்ததை அன்றைக்கு இரவே புலனத்தில் குரல் பதிவாக அனுப்பினார், அதனால் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

கோப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது கை கைகுலுக்கக் காய்ந்து இருக்க வேண்டும் என்பதற்காக இதையும் பழகியிருந்தோம். பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தனியாக நின்றார்.

"குட் மார்னிங். டிட் யூ டிரைவ் டவுன் திஸ் மார்னிங்?"

"யெஸ், ஃப்ரம் பட்டர்வொர்த். லெஃப்ட் அட் சிக்ஸ்."

"அட் சிக்ஸ்! ஐ கேம் ஃப்ரம் சுங்கை சிப்புட், ஒன்லி ஹாஃப் அன் ஹவர். டிட் யூ ஹேவ் டைம் ஃபார் பிரேக்ஃபாஸ்ட்?"

பாருங்கள், 'ஆறு மணிக்கா' என்று அவர் சொல்லையே திருப்பினார், தன் ஊரைச் சொன்னார், அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி. அவர் சிரித்துக்கொண்டே இன்னும் சாப்பிடவில்லை என்றார், சுங்கை சிப்புட்டில் என்ன வேலை என்றும் கேட்டார்.

இந்த இடத்தில் எங்களோடு பழகிய எல்லோரும் முதலில் செய்த தவறு, பதவிப் பெயரைச் சொன்னது. 'அசிஸ்டென்ட் லேபரட்டரி எக்சிகியூட்டிவ்' என்று சொன்னால் எதிராளி "ஓ, ஐ ஸீ" என்று தலையாட்டுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதில் அவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் கையால் செய்கிற வேலையைச் சொல்லும்படி மாற்றினோம்.

"ஐ டெஸ்ட் பாம் ஆயில் பிஃபோர் த டேங்கர் லீவ்ஸ் த மில்."

"டெஸ்ட் ஃபார் வாட்?"

"அசிடிட்டி. இஃப் த ஃப்ரூட் வெய்ட்ஸ் டூ லாங், இட் கோஸ் அப். த லிமிட் ஈஸ் ஃபைவ் பர்சென்ட்."

பறித்த குலை ஆலைக்குள் போகத் தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், கச்சா எண்ணெய் விற்பனையில் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அவருக்கு அன்றாடம் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தைப் பேசும்போது ஆங்கிலம் தானாக வந்தது என்று அவரே ஆச்சரியப்பட்டார். எதிரில் நின்றவர் ஆய்வுக்கூட ரசாயனம் விற்பவராம். கண்ணாடிக் குடுவைகள், கையுறைகள் என்று நாலு நிமிடம் ஓடியது.

அப்புறம்தான் சறுக்கல். தனக்கு மூன்று மணிக்கு ஷிஃப்ட் என்று தங்கை சொல்லியிருந்தார். அவர் கேட்டார்: "ஸோ யூ ஆர் நாட் ஸ்டேயிங் ஃபார் த ஆஃப்டர்நூன்?" இவர் "யெஸ்" என்றார்.

தமிழில் அது சரிதான். "மத்தியானம் இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா, இருக்க மாட்டேன்" என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றால் இருப்பேன் என்றுதான் காதில் விழும். இருக்க மாட்டேன் என்பதற்கு "நோ, ஐ'ம் நாட்" என்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் மத்தியானம் விலைப்பட்டியலைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து மண்டபத்தில் இவரைத் தேடியிருக்கிறார். மறுநாள் செய்தி அனுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் வழி இது: 'நாட்' வருகிற கேள்வி எதுவானாலும் ஆம், இல்லை இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகச் சொல்வது. "ஐ'ம் லீவிங் ஆஃப்டர் லன்ச்." இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லலாமா, இல்லை ஈப்போ என்று சொல்லிவிடலாமா?

நான் பல ஆண்டுகள் ஈப்போ என்றுதான் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர் ஆர்வமாக "விச் பார்ட் ஆஃப் ஈப்போ?" என்று கேட்டார். அவர் பத்து ஆண்டுக்கு முன் அங்கே குடியிருந்தவராம். நான் விழித்தேன், ஒரு தாமான் பெயரைச் சொன்னேன், அந்தப் பக்கம் எந்தக் கடையில் சாப்பிடுவீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. வெட்கப்பட்டு மறைத்ததால் பேச்சே முறிந்தது. அன்றைக்கு இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் அது மனசை உறுத்தியது.

இப்போது இப்படிச் சொல்கிறேன்: "ஐ'ம் ஃப்ரம் சுங்கை சிப்புட், ஜஸ்ட் நார்த் ஆஃப் ஈப்போ. இட் மீன்ஸ் ஸ்னெய்ல் ரிவர்." நத்தை ஆறு என்றதும் மலாய் தெரியாத வெளிநாட்டவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், ஏன் அந்தப் பெயர் என்பார். உள்ளூர்க்காரராக இருந்தால் அவர் சொந்தக்காரர் யாராவது இந்தப் பக்கம் இருப்பார். உங்கள் ஊர் தைப்பிங், பத்து காஜா, தஞ்சோங் மாலிம் எதுவாக இருந்தாலும் அதோடு ஒரு சின்னத் தகவலைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லும் வாக்கியம் "மை கிராண்ட்மதர் டேப்ட் ரப்பர் ஹியர்." பாட்டி பால்மரம் சீவினார் என்றதும் பெரும்பாலும் எப்படி என்றுதான் கேட்பார்கள். அதற்கும் இரண்டு வாக்கியம் தயார்: விடிவதற்கு முன்பே போவார்கள், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். "தே ஸ்டார்ட் பிஃபோர் டான். லேட்டெக்ஸ் ஃப்ளோஸ் பெஸ்ட் வென் இட்ஸ் கூல்." இதைச் சொல்லும்போது நான் குனிந்து நிற்பதில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டது, வீடு போனது, நம் மக்கள் பட்ட பாடு, எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு நாலு நிமிடம் போதாது, கோப்பையோடு நிற்கும் அந்நியர் அதை ஏந்திக்கொள்ளவும் தயாராக இருக்க மாட்டார். அதை இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேகமாகப் பேசுகிறார், பாதி புரியவில்லை. தலையாட்டிச் சமாளிக்கலாமா?

வேண்டாம். மூன்றாவது தலையாட்டலில் அவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார், அப்போது மாட்டிக்கொள்வீர்கள். "வாட்?" என்றும் கேட்க வேண்டாம், அது அதட்டல் மாதிரி ஒலிக்கும்.

எந்த இடம் போனது என்று காட்டிக் கேளுங்கள். "சாரி, ஐ மிஸ்ட் த லாஸ்ட் பார்ட்." கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன் என்று சொல்கிறீர்கள், அப்படியென்றால் அதற்கு முன்பு வரை கேட்டிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். இன்னும் புரியவில்லையா, கேட்டது எதுவோ அதை வைத்து இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள்: "டிட் யூ சே ஃபிஃப்டீன் ஆர் ஃபிஃப்டி?" பதினைந்தா ஐம்பதா என்பது நம் காதில் ஒரே மாதிரி விழும். பதினைந்தில் அழுத்தம் கடைசியில், ஐம்பதில் அழுத்தம் தொடக்கத்தில். விலை பேசும் இடத்தில் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாததால் எங்கள் அலுவலகத்திலேயே ஒரு கொள்முதல் ஆணை தப்பாகப் போயிருக்கிறது.

பெயர் காதில் விழவில்லை என்றால் அப்போதே கேட்டுவிடுங்கள். "சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்." பத்து நிமிடம் கழித்துக் கேட்பதுதான் சங்கடம்.

என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ?

தமிழ்ச் சாயல் இருந்தால் இருக்கட்டும், அதை மாற்ற நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றவருக்குப் புரிவது சட்டென்று கூடுகிறது. வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்க நம் நாக்குக்குப் பிடிக்காது. கடைசியில் ஓர் உகரம் சேர்த்துவிடுவோம். லைட் என்பது லைட்டு, டேங்க் என்பது டேங்க்கு, வொர்க் என்பது வொர்க்கு. தமிழுக்கு அது அழகு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அசை கூடிப்போய், கேட்பவர் சொற்களைப் பிரித்தெடுக்கத் திணறுவார்.

இப்படிப் பழகுங்கள். "ஐ வொர்க் அட் எ மில்" என்று சொல்லி, 'வொர்க்' என்பதன் ககரத்தில் நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியதும் நிறுத்துங்கள். காற்றை வெளியே விடாதீர்கள். ஒட்டிய இடத்திலிருந்தே 'அட்' என்று தொடருங்கள், 'வொர்க்கட்' என்று ஒன்றாக ஓடும். அப்படித்தான் ஓட வேண்டும். உகரம் வந்ததா இல்லையா என்று வாய்க்குத் தெரியாது, கைப்பேசிப் பதிவில்தான் தெரியும்.

இன்னொன்று, நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதால் வரும் குழப்பம். 'பாம் ஆயில்', 'பட்டர்வொர்த்' இரண்டிலும் ஒரே பகரம்தான். ஆனால் முதலாவது உதடு அடித்து வரும் வன்மையான ஒலி, இரண்டாவது 'பந்து' என்று பேச்சில் சொல்லும்போது வரும் மென்மையான ஒலி. சந்தேகம் இருந்தால் கைப்பேசி அகராதியில் ஒலியைக் கேட்டு, தாளில் அந்த எழுத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

'லா' போட்டுப் பேசலாமா? நடுவில் மலாய்ச் சொல் வந்துவிடுகிறது.

எதிரில் நிற்பவர் மலேசியரா என்று பாருங்கள். அவர் 'லா' போட்டால் நீங்களும் போடலாம், தூரம் குறையும். ஒரு சொல் ஆங்கிலத்தில் வராவிட்டால் மலாயில் சொல்லித் தாண்டிப் போவது இங்கே எல்லா இனத்தாரும் செய்வதுதான். வெளிநாட்டவரிடம் இரண்டும் உதவாது. அவரிடம் சொல் வராவிட்டால் சுற்றிச் சொல்லுங்கள்: "த திங் வீ யூஸ் டு கட் த பன்ச்." குலை வெட்டும் கருவி என்று அவருக்குப் புரிந்துவிடும், பெயரையும் அவரே எடுத்துக் கொடுப்பார்.

"ஹேவ் யூ ஈட்டன்?" என்பதும் அப்படித்தான். இங்கே அது வணக்கம் மாதிரி. வெளிநாட்டவர் சிலர் அதைச் சாப்பிட அழைப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் அட்டையில் அப்பா பெயரைப் பெரிதாக அச்சடித்துவிடுகிறார்கள். எல்லோரும் என்னை அப்படியே கூப்பிடுகிறார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. படிவத்தில் கடைசிப் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் அப்பா பெயர் போய் உட்காருவதால் வருவது. தேவி, அப்பா பெயர் முனியாண்டி என்றால் "ஐ'ம் தேவி. முனியாண்டி ஈஸ் மை ஃபாதர்ஸ் நேம்" என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். திருத்துவது தப்பில்லை. இதுவே நல்ல பேச்சாகவும் ஆகும், ஏனென்றால் மலாய்க்காரர்களுக்கும் பொதுவாக அதே வழக்கம்தான், வெளிநாட்டவருக்கு அது புதுமை.

டத்தோ, டான்ஸ்ரீ என்று பட்டம் உள்ளவரை அந்தப் பட்டத்தைச் சொல்லியே அழையுங்கள். எதிர்பாலினத்து முஸ்லிம் ஒருவரிடம் நீங்கள் முதலில் கை நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் குலுக்குங்கள், இல்லாவிட்டால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும்.

கூட்டமாக நின்று பேசுகிறார்கள். எப்படி நுழைவது? நுழைந்த பிறகு எப்படிக் கழன்றுகொள்வது?

கால்களைப் பாருங்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் பாதம் வைத்து நின்றால் ஏதோ முக்கியமாகப் பேசுகிறார்கள், விட்டுவிடுங்கள். பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, வட்டத்தில் ஓர் ஆள் நிற்க இடைவெளி இருந்தால் அங்கே போய் நின்று, பேச்சு ஓயும் இடத்தில் "மைண்ட் இஃப் ஐ ஜாயின் யூ?" என்று கேட்கலாம். நின்றதும் பேச வேண்டும் என்று இல்லை. ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்து, ஒருவர் சொன்னதை ஒட்டி ஒரு கேள்வி கேளுங்கள். எனக்குப் பிடித்தது இது: "வாட்ஸ் த பிஸியஸ்ட் டைம் ஆஃப் த இயர் ஃபார் யூ?" எந்தத் தொழில்காரரும் தன் நெருக்கடி மாதத்தைப் பற்றி மனம் திறந்து சொல்வார்.

விடைபெறுவதற்கு நம்மவர்கள் பொய்க் காரணம் தேடுகிறார்கள், கழிவறை, தொலைபேசி என்று. தேவையில்லை. "இட் வாஸ் நைஸ் டாக்கிங் டு யூ. ஐ'ல் லெட் யூ ஃபினிஷ் யுவர் டீ." உங்கள் தேநீரைக் குடியுங்கள் என்று அவருக்கு வழிவிடுவது போல் முடிகிறது. தொடர்பு வேண்டும் என்றால் அதற்கு முன்னால் "கேன் ஐ டேக் யுவர் நம்பர்?" என்று நேராகக் கேளுங்கள். எண்ணைப் பதியும்போதே அவர் பெயரோடு எங்கே சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். மறுநாள் அனுப்பும் செய்தியில் அந்த இரண்டு சொல்தான் கைகொடுக்கும். அந்தத் தங்கை 'பட்டர்வொர்த், கையுறை' என்று குறித்திருந்தார். அதை வைத்துத்தான் மறுநாள் செய்தி எழுதினார், விலைப்பட்டியலும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் ஆங்கிலம் பேச ஆளே இல்லை. எப்படிப் பழகுவது?

ஈப்போ வரை போக முடிந்தால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றில் சேரலாம். அங்கே தயாரிப்பில்லாமல் ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசும் பகுதி உண்டு, வாய் திறக்க அது உதவும். ஆனால் அது எழுந்து நின்று தனியாகப் பேசுவது, எதிராளியோடு மாறி மாறிப் பேசுவது அதில் வராது. அதனால் வீட்டுப் பயிற்சியும் வேண்டும்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் ஒரே ஒரு தொடக்க வாக்கியம், காலை பத்து முறை, இரவு பத்து முறை, உட்கார்ந்து வேண்டாம், கையில் கோப்பையோடு நின்றுகொண்டு. மூன்றாம் நாள் உங்கள் வேலையைப் பற்றிய ஒரு வாக்கியம். நான்காம் நாள் ஊர் வாக்கியம். ஐந்தாம் நாள் நிகழ்ச்சி நடக்கும் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, கார் எங்கே நிறுத்துவது, எந்த மாடி என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் வேலை, உங்களை யாரும் எடைபோடப் போவதில்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு: அன்றைக்குக் காலையில் யாராவது கார் நிறுத்த இடமில்லாமல் சுற்றினேன் என்றால் பின்பக்கம் இடம் இருக்கிறது என்று சொல்ல உங்களிடம் ஒரு செய்தி இருக்கும். ஆறாம் நாள் வீட்டில் தம்பியையோ அக்காவையோ எதிரில் நிறுத்தி, அவர்களைத் தமிழிலேயே பதில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் தொடருங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதே இல்லை. மாறி மாறிப் பேசும் அந்தத் தாளம்தான் வேண்டும்.

ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு முறை கைப்பேசியில் பதிந்து கேளுங்கள். சரியாகச் சொன்னோமா என்று பார்க்க வேண்டாம். முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் நடுவில் 'ஆ...' என்று இழுக்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். அந்த இழுப்பு போகிற வரை அதே வாக்கியம்தான். போன அன்று அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.